வீட்டு வரி, தண்ணி வரி யார் கட்டுறதுன்னு அக்ரிமெண்ட்ல எப்படி எழுதுறது? (வில்லாபுரம், மாடி போர்ஷன்)

வில்லாபுரம்_மகள் · ஞாயிறு, காலை 10:12

எல்லாருக்கும் வணக்கம். அம்மா வில்லாபுரத்துல கீழ்வீட்டுல தனியா இருக்காங்க. மாடியை வாடகைக்கு விடுறோம். அடுத்த மாசம் புதுக் குடித்தனம் வருது. நான் கோயம்புத்தூர்ல இருக்கேன், அக்ரிமெண்ட் எழுதுற வேலை என் தலையில. போன தடவை பட்ட பாடு மறுபடி வரக்கூடாதுன்னுதான் கேட்கிறேன்.

போன குடித்தனக்காரர் 2021 ஜூன்ல வந்தார். அப்ப டைப் அடிக்கிற கடையில வச்சிருந்த பழைய மாதிரியைப் பார்த்தே எழுதிக் குடுத்தாங்க. அதுல ஒரே வாக்கியம்: "வீட்டு வரி, தண்ணீர் வரி, மின் கட்டணம் ஆகியவை வாடகைதாரரைச் சேர்ந்தது." எங்க வீட்டுக்கு மேலும் கீழும் சேர்த்து ஒரே வரி விதிப்பு எண்தான். அப்ப அரையாண்டுக்கு 1,800 ரூபாய். அவர் பாதியா 900 குடுத்துட்டு இருந்தார், அம்மாவும் வாங்கிக்கிட்டாங்க. 2022 ஏப்ரல்ல வரி ஏறி 3,150 ஆயிருச்சு. அம்மா 1,575 கேட்டாங்க. அவர் "நான் ஒத்துக்கிட்டது 900தான்"னு சொல்லி ஒரு தடவை 900 குடுத்தார். அதுக்கப்புறம் ஒண்ணும் குடுக்கல. 2024 ஜனவரி கடைசியில காலி பண்ணினார்.

அம்மா நாலு அரையாண்டு கணக்குப் பண்ணி, 6,300ல அவர் குடுத்த 900 போக 5,400 ரூபாயை அட்வான்ஸ்ல பிடிச்சாங்க. அவர் கணக்குல 2,400தான் வருது. வாசல்ல நின்னு பேசினது தெருவுக்கே கேட்டுச்சு. அம்மா ரெண்டு நாள் சரியா சாப்பிடல. தண்ணிக்கு மோட்டார் கரண்ட் யார் குடுக்கிறதுங்கிறது அதுக்கு மேல ஒரு சண்டை.

இந்தத் தடவை என்ன எழுதணும்? வாடகை 9,500 பேசியிருக்கோம்.

புதூர்க்காரன் · ஞாயிறு, காலை 10:40

தங்கச்சி, வீட்டு வரி வீட்டுக்காரங்கதான் கட்டணும். மாநகராட்சி ரசீது யார் பேர்ல வருது? உங்க அம்மா பேர்லதானே. குடித்தனக்காரன் தலையில எழுதினாலும் அது செல்லாது. கோர்ட்டுல நிக்காது. தண்ணி வரியும் அப்படித்தான். 11 மாச அக்ரிமெண்ட் போடுங்க, எங்கயும் பதிய வேண்டியதில்ல, முடிஞ்சது வேலை.

மாடிவீட்டு_டீச்சர் · ஞாயிறு, காலை 11:25

நான் எதிர்ப்பக்கத்துல இருந்து சொல்றேன், 14 வருஷமா வாடகை வீடுதான். உங்க அம்மா மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. ஆனா உங்க பழைய குடித்தனக்காரர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. அவர் ஜனவரியோட போயிட்டார். அக்டோபர் முதல் மார்ச் வரைக்குமான வரியை முழுசா அவர்கிட்ட எப்படிப் பிடிக்கலாம்?

எனக்கு நடந்தது இதைவிட மோசம். எஸ்.எஸ். காலனி பக்கம் ஒரு வீட்டுக்குப் போனோம். "வீட்டு வரி நீங்க கட்டிருங்க"ன்னு எழுதியிருந்துச்சு, சரின்னு கையெழுத்துப் போட்டோம். முதல் தடவை கட்டப் போனா ரெண்டு வருஷ பாக்கி அதுலயே நிக்குது. பாக்கியைக் கட்டாம இந்த அரையாண்டை மட்டும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. நாங்க வர்றதுக்கு முந்தின பாக்கி. வீட்டுக்காரர்கிட்ட கேட்டா, "வரி உங்க பொறுப்புன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க"ங்கிறார். கடைசியில பாதிப் பாதின்னு முடிஞ்சது. எனக்கு இன்னைக்கும் அது ஆறல.

தெற்குவாசல்_பத்திரம் · ஞாயிறு, மதியம் 1:05

பத்திரம் எழுதுறது எனக்கு முப்பது வருஷத் தொழில். இந்த ஒரே வாக்கியத்தால வந்த சண்டையை எத்தனை தடவை பார்த்திருக்கேன்னு கணக்கே இல்ல. முதல்ல புதூர்த் தம்பி சொன்னதைப் பிரிச்சுப் பார்ப்போம், அதுல பாதி சரி.

மாநகராட்சிக்கு வரி கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். அது உண்மை. பாக்கி நின்னா அவங்க தேடி வர்றது உங்க அம்மாவைத்தான், "குடித்தனக்காரர் கட்டுறதா எழுதியிருக்கோம்"னு சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனா அந்தப் பணத்தைக் குடித்தனக்காரர் குடுக்கிறதா ரெண்டு பேரும் தங்களுக்குள்ள எழுதிக்கிட்டா அது செல்லும். செல்லாதுங்கிறது தப்பு. தெளிவா எழுதாததாலதான் அது சண்டையாகுது.

பாப்பா, உங்க பழைய கணக்கையே எடுத்துக்குவோம். அம்மா 5,400ங்கிறாங்க. அவர் எப்படி 2,400 சொன்னார்? 900 வீதம் மூணு அரையாண்டு 2,700. கடைசி அரையாண்டுல அவர் இருந்தது நாலு மாசம், அதுக்கு 600. ஆக 3,300, குடுத்த 900 போக 2,400. அவர் மனசுல இருந்த கணக்குப்படி ஒரு தப்பும் இல்ல.

இப்ப நான் மூணாவதா ஒண்ணு போடுறேன். கீழ எத்தனை சதுர அடி, மேல எத்தனை?

வில்லாபுரம்_மகள் · ஞாயிறு, மதியம் 1:30

கீழ 850, மேல 550 ஐயா.

தெற்குவாசல்_பத்திரம் · ஞாயிறு, மதியம் 2:10

அப்ப மொத்தம் 1,400. வரி போடுறது கட்டட அளவை வச்சுத்தான். 2022ல ஏத்தினதும் அளவைப் பார்த்துத்தான். சென்னை தவிர மத்த மாநகராட்சிகள்ல குடியிருப்புக்கு 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. உங்க வீடு 1,400, அதனாலதான் 1,800 ரூபாய் 75 சதவீதம் ஏறி 3,150 ஆச்சு. மாடி மட்டும் தனி வரி விதிப்பா இருந்திருந்தா 25 சதவீதத்தோட போயிருக்கும். இதை அவர் யோசிச்சிருந்தா இன்னும் சண்டை போட்டிருப்பார்.

அளவுப்படி பிரிச்சா 3,150ல மாடியின் பங்கு 1,237 ரூபாய் 50 காசு. மூணு அரையாண்டுக்கு 3,712.50. நாலு மாசத்துக்கு 825. கூட்டினா 4,537.50, குடுத்த 900 போக 3,637.50.

பார்த்தீங்களா, 5,400, 2,400, 3,637.50. ஒரே வாக்கியத்தை வச்சுக்கிட்டு மூணு பேரும் நேர்மையா மூணு தொகைக்கு வர்றோம். பங்கு எவ்வளவு, வரி ஏறினா ஏறினதும் சேருமா, பாதியில காலி பண்ணினா எந்த நாள் வரைக்கும் கணக்கு, இந்த மூணையும் அந்த வாக்கியம் சொல்லவே இல்ல. உங்க அம்மாவும் பொய் சொல்லல, அவரும் பொய் சொல்லல.

பதிவு விஷயத்துலயும் தம்பி பாதிதான் சொல்றார். 11 மாசத்துக்குச் சார்பதிவாளர் ஆபீஸ் போக வேண்டியதில்ல, அது சரி. ஆனா 2017ல வந்த வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதியணும். tenancy.tn.gov.in தளத்துலயே பதியலாம். அட்வான்ஸ்ல பிடிக்கிறதும் இதோட சேர்ந்ததுதான். காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, குடித்தனக்காரர் தர வேண்டியது போக மீதியைத் திருப்பிக் குடுக்கணும். தர வேண்டியது எவ்வளவுன்னு எழுத்துல இருந்து காட்ட முடியாட்டி எதைப் பிடிப்பீங்க?

கூடல்நகர்_78 · ஞாயிறு, மாலை 4:50

நல்ல தலைப்பு. நான் 5 லட்சத்துக்கு ஒத்திக்கு இருக்கேன், மூணு வருஷம். வீட்டுக்காரம்மா இப்ப வீட்டு வரி குடுன்னு கேட்கிறாங்க. வாடகையே இல்லாத வீட்டுக்கு வரி எப்படி வாங்குவாங்க? மேலே சொன்ன மாதிரி சதுர அடி கணக்குப் போடலாமா?

தெற்குவாசல்_பத்திரம் · ஞாயிறு, மாலை 5:15

தம்பி, ஒத்தி வேற கணக்கு, இதோட சேர்க்காதீங்க. நிஜமான ஒத்தின்னா அது அடமானம். வேற மாதிரி எழுதிக்காட்டி, வீட்டை அனுபவிக்கிறவர் அந்த வருமானத்துல இருந்து பொது வரிகளைக் கட்டணும்னுதான் சொத்துரிமை மாற்றுச் சட்டம் சொல்லுது. ஆனா மதுரையில "ஒத்தி"ன்னு பேசிட்டு பேப்பர்ல "லீஸ்"னு எழுதியிருப்பாங்க. உங்க பேப்பர்ல என்ன இருக்குன்னு பார்க்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தனி இழை போடுங்க, அங்க வர்றேன்.

கூடல்நகர்_78 · ஞாயிறு, மாலை 5:22

பேப்பரே 20 ரூபா பத்திரத்துல அவங்க கையால எழுதினதுதான். தேடி எடுத்துட்டு வர்றேன்.

ஓய்வு_கணக்கர் · ஞாயிறு, இரவு 8:30

நானும் ஒரு சிறு வீட்டுக்குச் சொந்தக்காரன், பழங்காநத்தம். என் பழக்கத்தைச் சொல்கிறேன். வீட்டு வரியை நான் தனியாக வாங்குவதே இல்லை, வாடகைக்குள் சேர்த்துவிடுகிறேன். காரணம் வருமான வரி. வாடகை வருமானத்தைக் காட்டும்போது, வீட்டுக்காரர் தம் கையிலிருந்து அந்த ஆண்டில் கட்டிய சொத்து வரியைக் கழித்துக்கொள்ளலாம். குடியிருப்பவர் கட்டியிருந்தால் நமக்கு அந்தக் கழிவு கிடையாது. உங்கள் அம்மாவுக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் அளவுக்கு வருமானம் இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் ரசீது அவர் கையில் இருப்பது எப்போதும் நல்லது. கழிப்பதும் மாடிக்கான பங்கை மட்டும்தான். தாம் குடியிருக்கும் பகுதியின் வரியை வாடகை வருமானத்தில் கழிக்கக் கூடாது.

இன்னொன்று. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. குடித்தனக்காரர் எப்போது தருவார் என்று காத்திருந்தால் அது போய்விடும்.

தெற்குவாசல்_பத்திரம் · ஞாயிறு, இரவு 9:05

கணக்கர் ஐயா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். என் யோசனையும் அதுதான்: வீட்டு வரியை வாடகைக்குள்ள போட்டுட்டு அந்தப் பேச்சையே முடிச்சிருங்க.

இப்ப உங்க வரி எவ்வளவு?

வில்லாபுரம்_மகள் · ஞாயிறு, இரவு 9:20

3,340 ஐயா, அரையாண்டுக்கு. ஆனா சேர்த்துட்டா, வரி ஏறும்போது நஷ்டம் எங்களுக்குத்தானே? 2022 மாதிரி மறுபடி ஏத்தினா?

தெற்குவாசல்_பத்திரம் · ஞாயிறு, இரவு 9:45

பயப்படுறதுக்கு முந்தி தொகையைப் பாருங்க. 3,340ல மாடியின் பங்கு 1,312. ஆறால வகுத்தா மாசம் 219 ரூபாய், 220ன்னு வச்சுக்குவோம். அப்ப வாடகை 9,720. அடுத்த வருஷம் வரி 6 சதவீதம் ஏறுதுன்னே வைங்க, மாசத்துக்கு 13 ரூபாய் கூடும். நீங்க வருஷத்துக்கு 5 சதவீதம் வாடகை ஏத்துறதா எழுதினா அதுவே 486 ரூபாய். இந்தப் 13 ரூபாய்க்காகத் தனியா ஒரு பிரிவு எழுதி, ரசீது காட்டி, சில்லறை வாங்கி, வாசல்ல நின்னு பேசணுமா?

2022 மாதிரி ஒரே அடியா ஏறும்னு பயம் இருந்தா அதை மட்டும் எழுதலாம்: "மாநகராட்சி பொதுச் சீராய்வின் மூலம் வரியை 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால், கூடுதல் தொகையில் மாடியின் பங்கு (1,400 சதுர அடியில் 550) ரசீது காட்டிய அடுத்த மாதம் முதல் வாடகையோடு சேரும்." ரசீதைக் காட்டணும், அளவும் எழுத்துல இருக்கணும். அவ்வளவு போதும்.

தனியாத்தான் எழுதுவேன்னாலும் ஒரு லாபமும் இல்ல. வீட்டுக்காரர் கட்ட வேண்டிய நகராட்சி வரியைக் குடியிருக்கிறவர் கட்டுறதா குத்தகைப் பத்திரத்துல எழுதினா, முத்திரைத் தீர்வைக் கணக்குல அந்தத் தொகையையும் வாடகையாத்தான் எடுத்துக்குவாங்க. வெளிய வச்சாலும் உள்ளே வந்துரும்.

மாடிவீட்டு_டீச்சர் · ஞாயிறு, இரவு 10:10

குடித்தனக்காரங்க பக்கம் இருந்து இதுக்கு முழுச் சம்மதம். 220 ரூபாய் கூடக் குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாம். வரி பாக்கி யாரோடதுங்கிற கேள்வியே எழாது. ஒண்ணு மட்டும் சேருங்க. வர்ற அன்னைக்கே tnurbanepay.tn.gov.in தளத்துல வரி விதிப்பு எண் போட்டு, பாக்கி இல்லங்கிறதைப் பிரிண்ட் எடுத்து அக்ரிமெண்ட்டோட வைங்க. சொத்து வரி, தண்ணி, பாதாளச் சாக்கடை, குப்பைக் கட்டணம் எல்லாத்துக்கும். எனக்கு அன்னைக்கு இதை யாராச்சும் சொல்லியிருந்தா அந்தப் பாதிப் பணம் போயிருக்காது.

புதூர்க்காரன் · திங்கள், காலை 7:50

சரிங்க ஐயா, செல்லாதுன்னு நான் சொன்னது தப்புத்தான், ஒத்துக்கிறேன். ஆனா தண்ணியையும் இதே மாதிரி வாடகைக்குள்ள போட்டுற வேண்டியதுதானே? எதுக்குத் தனியா?

தெற்குவாசல்_பத்திரம் · திங்கள், காலை 8:20

இல்ல தம்பி. வீட்டு வரி மாடியில ரெண்டு பேர் இருந்தாலும் ஒண்ணுதான், ஏழு பேர் இருந்தாலும் ஒண்ணுதான். தண்ணி அப்படி இல்ல. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல எழுதுறதுதான் முதல் தப்பே.

"தண்ணி வரி"ன்னு எழுதுறது எதைக் குறிக்குதுன்னு யாருமே கேட்கிறதில்ல. மாநகராட்சி குழாய் இணைப்புக்கு வர்ற கட்டணம் ஒண்ணு. அதுக்கு ரசீது இருக்கு, தொகை நிலையானது, அதனால அதைப் பங்கு போட்டுக்கலாம், வாடகையோடயும் சேர்க்கலாம். ஆனா சண்டை அதுல வர்றதில்ல. போர்த் தண்ணியைச் சின்டெக்ஸுக்கு ஏத்துற மோட்டார் கரண்ட், கோடையில வாங்குற லாரித் தண்ணி, மோட்டார் ரிப்பேர், இதுலதான் வரும். இதுல எதுவுமே வரி இல்ல. "தண்ணி வரி வாடகைதாரர்"னு எழுதினா இந்த மூணைப் பத்தியும் ஒரு வார்த்தைகூட எழுதலைன்னுதான் அர்த்தம்.

வில்லாபுரம்_மகள் · திங்கள், காலை 8:45

ஐயா, அப்படியே எங்க வீட்டுக் கதை. குழாய்த் தண்ணி விடுற அன்னைக்கு அம்மா விடியக்காலம் எழுந்து தொட்டியை நிரப்புவாங்க, அது குடிக்க, சமைக்க. மத்ததுக்கெல்லாம் போர். 1 ஹெச்பி சப்மெர்சிபிள், அம்மா மீட்டர்லதான் ஓடுது. மாடியில ஆள் இல்லாத மாசங்கள்ல அம்மாவுக்கு ரெண்டு மாசத்துக்கு 470 யூனிட் கிட்ட வரும், ஒரு பழைய ஏசி இருக்கு. மாடியில ஆள் இருந்தப்ப 530, 540. பில் மட்டும் 60 யூனிட்டுக்கான அளவா ஏறல, ரொம்பவே கூடுச்சு. அம்மா "மோட்டாரை அவங்க இஷ்டத்துக்கு ஓட்டுறாங்க"ன்னு சொன்னாங்க. அவர் "60 யூனிட்டுக்கு இவ்வளவா?"ன்னு கேட்டார். ஏன் அப்படின்னு இன்னும் எனக்குப் புரியல.

திருநகர்_ஒயர்மேன் · திங்கள், மதியம் 12:35

அக்கா, இதுக்கு நான் பதில் சொல்றேன், தினம் பார்க்கிற விஷயம்.

ஈபி கணக்குல 500 யூனிட் ஒரு வாசல்படி மாதிரி. 500க்குள்ள இருந்தா முதல் 100 இலவசம், அடுத்த 100 குறைஞ்ச விலை, அப்புறம் படிப்படியா ஏறும். 500ஐத் தாண்டிட்டா தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுறதில்ல. அந்த ரெண்டாவது 100க்கு இருந்த குறைஞ்ச விலையும் போயிரும். மோட்டாரோட 60 யூனிட் உங்க அம்மாவை 470ல இருந்து 530க்குத் தள்ளுனதால ரெண்டு பக்கமும் அடி. அவர் கேட்டதும் நியாயம், உங்க அம்மாவுக்கு வலிச்சதும் நியாயம்.

60 யூனிட் எங்க இருந்து வந்ததுன்னா, 1 ஹெச்பின்னா முக்கால் கிலோவாட். மோட்டார்ல வீணாகிறதையும் சேர்த்தா ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட் கிட்ட வரும். தினம் ஒரு மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 60. யாரும் இஷ்டத்துக்கு ஓட்டல, குடும்பம் இருந்தா அவ்வளவு ஓடத்தான் செய்யும். ஆனா ஒண்ணு பாருங்க. அதே ஆளுங்க, அதே தண்ணி, யூனிட் மட்டும் மாசா மாசம் கூடிட்டே போனா ஆளைச் சந்தேகப்படாதீங்க. போர்ல தண்ணி இறங்கியிருக்கும், இல்லாட்டி செக் வால்வோ பைப்போ ஒழுகும். ராத்திரி ரெண்டு வீட்டுக் குழாயையும் அடைச்சுட்டு டேங்க்ல மட்டத்தைக் குறிச்சு வச்சு காலையில பாருங்க, மட்டம் இறங்கியிருந்தா ஒழுகலு.

வழி என்னன்னா, மோட்டார் லைன்ல மட்டும் ஒரு சப் மீட்டர் போடுங்க. ஸ்டார்ட்டர் பொட்டிக்குப் பக்கத்துலயே வைக்கலாம், ரெண்டு பேரும் பார்க்கிற இடமா இருக்கணும். வர்ற அன்னைக்கு ரீடிங்கை போட்டோ எடுத்து அக்ரிமெண்ட் கடைசிப் பக்கத்துல எழுதிருங்க. ஈபிக்காரர் ரீடிங் எடுக்கிற அன்னைக்கே இதையும் பார்த்துக்கங்க.

ஓய்வு_கணக்கர் · திங்கள், மதியம் 2:15

நல்ல யோசனை தம்பி. ஆனால் யூனிட் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது: யூனிட்டுக்கு என்ன விலை? மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால் இலவச 100 யூனிட்டின் பலனில் குடித்தனக்காரருக்கும் பங்கு போகிறது. கடைசிப் படியின் விலையை வைத்தால் சுமை முழுக்க அவர் மேல் விழுகிறது, அந்த அம்மாவின் ஏசியும் சேர்ந்துதானே 500ஐத் தாண்ட வைத்தது?

மாடிவீட்டு_டீச்சர் · திங்கள், மாலை 4:40

சராசரிதான் நியாயம். மோட்டார் தண்ணி ரெண்டு வீட்டுக்கும்தான் போகுது.

புதூர்க்காரன் · திங்கள், மாலை 5:00

இலவச யூனிட் அந்த அம்மா மீட்டருக்கு வர்றது டீச்சர். மாடிக்கும் தனி மீட்டர் இருக்கும்ல, அவங்களுக்கும் அங்க 100 இலவசம் உண்டு. ரெண்டு இடத்துலயும் அவங்க எடுத்துக்கிட்டா எப்படி?

தெற்குவாசல்_பத்திரம் · திங்கள், மாலை 6:30

இதுல சட்டம் வந்து ஒரு பதில் சொல்லாது, ரெண்டு விதமாவும் எழுதிக் குடுத்திருக்கேன். எந்த விதமா இருந்தாலும் வர்ற அன்னைக்கே எழுதியிருந்தா சண்டை வராது. பில் வந்த பிறகு முடிவு பண்ண உட்கார்ந்தா ரெண்டுமே அநியாயமாத்தான் தெரியும்.

ஒண்ணு மட்டும் அம்மாகிட்ட சொல்லிருங்க பாப்பா. எவ்வளவு பாக்கி இருந்தாலும் சரி, கோபத்துல மாடிக்கு வர்ற தண்ணியை அடைக்கக் கூடாது. தண்ணி அத்தியாவசிய சேவை, நிறுத்தினா அவங்க வாடகை அதிகாரிகிட்ட போகலாம், உடனே திறந்துவிடச் சொல்லி உத்தரவு வாங்கலாம். பாக்கியைக் கேட்கிற நியாயம் அதோட போச்சு.

வில்லாபுரம்_மகள் · செவ்வாய், இரவு 9:10

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. அம்மாகிட்ட போன்ல ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினேன். அந்த மூணு கணக்கைக் கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "அந்தத் தம்பியும் பொய் சொல்லலையா"ன்னு கேட்டாங்க. 5,400க்கும் 3,637க்கும் உள்ள வித்தியாசத்தை அவருக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்றாங்க. நம்பர் தேடிட்டு இருக்கேன்.

இப்ப எழுதி வச்சிருக்கிறது இது. தப்பு இருந்தா சொல்லுங்க.

"மாத வாடகை ரூ.9,720. கட்டடம் முழுமைக்குமான சொத்து வரி, பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் ஆகியவற்றை உரிமையாளரே செலுத்துவார். இதற்காக வாடகைதாரர் தனியே எதுவும் தர வேண்டியதில்லை.

மாநகராட்சிக் குடிநீர்க் கட்டணத்தில் பாதியை, ரசீதைக் காட்டிய 7 நாளுக்குள் வாடகைதாரர் தருவார். இடையில் காலி செய்தால் குடியிருந்த மாதங்களுக்கு மட்டும்.

மோட்டாருக்கான மின்சாரம் சப் மீட்டர்படி. தொடக்க அளவு கடைசிப் பக்கத்தில். அந்த யூனிட்டில் பாதி வாடகைதாரருடையது. யூனிட் விலை, அந்த முறை பில்லின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வருவது.

லாரித் தண்ணீர் வாங்கினால் தேதி, தொகையை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு, பாதிப் பாதி.

மோட்டார், போர், குழாய்ப் பாதை பழுது உரிமையாளருடையது. மாடிக்குள் உள்ள குழாய்த் திருகு, வாஷர் வாடகைதாரருடையது.

நுழையும் நாள் வரையிலான எல்லாப் பாக்கியும் உரிமையாளருடையது. அன்றைய நிலுவை விவரம் இணைப்பில்."

பொதுச் சீராய்வு பிரிவு வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. சராசரி விலையும் அம்மா முடிவுதான்.

தெற்குவாசல்_பத்திரம் · புதன், காலை 7:30

நல்லா வந்திருக்கு. ரெண்டு திருத்தம். வரி விதிப்பு எண், குடிநீர் இணைப்பு எண் ரெண்டையும் எழுத்துலயே போடுங்க. அப்புறம், "மாடி குடியிருப்புக்கு மட்டும், வேறு தொழிலுக்குப் பயன்படுத்தினால் அதனால் கூடும் வரி, கட்டணம் வாடகைதாரருடையது"ன்னு ஒரு வாக்கியம். வரியை வாடகைக்குள்ள வச்சிருக்கிறப்ப இது ரொம்ப முக்கியம். மேல ஒரு தையல் கடையோ டியூஷன் சென்டரோ வந்து வரி வணிகக் கணக்குக்கு மாறினா 220 ரூபாயில அடங்காது.

வில்லாபுரம்_மகள் · சனி, மதியம் 3:20

சேர்த்துட்டேன் ஐயா. இன்னைக்கு அவங்க வந்து பார்த்தாங்க. அவர் சும்மா புரட்டிட்டு கையெழுத்துப் போடப் போனார், அந்த அக்காதான் பேப்பரை வாங்கி முழுசா படிச்சாங்க. எல்லாத்துக்கும் சரின்னாங்க. லாரித் தண்ணிக்கு மட்டும், "நாங்க அஞ்சு பேர், அம்மா ஒருத்தர். பாதிப் பாதின்னா அவங்களுக்குத்தான் நஷ்டம், தலைக்கணக்கா போடுங்க"ன்னாங்க. அம்மா, "பேரப்பிள்ளைங்க லீவுக்கு வந்தா நாங்க ஆறு பேராயிருவோம், பாதியே இருக்கட்டும்"ங்கிறாங்க. ரெண்டு பேரும் மத்தவங்களுக்காகப் பேசிட்டு நிக்கிறாங்க, அந்த ஒரு இடம் மட்டும் இன்னும் காலியா இருக்கு.

சப் மீட்டர் மாட்டியாச்சு. ரீடிங் 00003, ஒயர்மேன் ஓட்டிப் பார்த்தது. கடைசிப் பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாங்க.

கூடல்நகர்_78 · சனி, மாலை 6:05

அண்ணே, பத்திரம் கிடைச்சிருச்சு. மேல "ஒத்தி"ன்னு இருக்கு, உள்ள "வாடகை இல்லை, வட்டி இல்லை"ன்னு இருக்கு. வரி பத்தி ஒரு வார்த்தை இல்ல. தனி இழை போட்டிருக்கேன், வாங்க.